லெப்டொப் விளம்பரத்தில் "பேட்டரி நல்லா இருக்கு" என்று சொல்லலாமா? என் வாசகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

டிக்கோயா தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கொழும்பில் இறக்குமதி செய்பவரிடம் பத்துப் பன்னிரண்டு பழைய லெப்டொப்பாக எடுத்து வந்து, திறந்து தூசி துடைத்து, எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸ் புதிதாகப் போட்டு விற்கிறேன். இதுவரை பேஸ்புக்கில் படமும் விலையும் மட்டும்தான் போட்டேன். இனி ஒன்றரை நிமிட வீடியோவில் நானே பேசலாம் என்று இருக்கிறேன். எழுதி வைத்திருக்கும் வாசகம் இதுதான்:

"எச்பி எலைட்புக் 840 ஜி5. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பார்த்தால் புதுசு போலவே இருக்கும். பேட்டரி நல்லா இருக்கு, மூன்று மணித்தியாலம் உறுதி. ஆறு மாத வொரண்டி, மூன்று நாள் செக்கிங். தீவு முழுவதும் அனுப்புவோம்."

போன மாதம் இரண்டு பேர் பேட்டரி விஷயமாகச் சண்டை போட்டார்கள். நான் பொய் சொல்லி விற்கவில்லை, ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்தச் சண்டை திரும்ப வராத மாதிரி வாசகத்தை எப்படி எழுதுவது?

நானுஓயா ராஜா

தம்பி, அந்த 840 ஜி5 என்ன விலை? மாதம் மாதம் கட்டுகிற மாதிரித் தருவீர்களா? மகளுக்கு ஏ/எல் முடிந்துவிட்டது, கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறாள்.

டிக்கோயா தம்பி

ராஜா அண்ணே, இங்கே விற்பனைக்காகப் போடவில்லை, வாசகம் சரியா என்றுதான் கேட்கிறேன். விலையைத் தனியாக அனுப்புகிறேன். தவணை இல்லை அண்ணே, மன்னிக்க வேண்டும்.

பண்டாரவளை திருத்துநர்

தம்பி, சண்டை வந்த இடம் எனக்குத் தெரிகிறது. "மூன்று மணித்தியாலம் உறுதி" என்கிறீர்களே, என்ன வேலை செய்தால் மூன்று மணித்தியாலம்? வெளிச்சத்தைக் குறைத்து வேர்டில் தட்டச்சு செய்தால் அந்த மெஷின் 7, 8 வாட் எடுக்கும். முழு வெளிச்சத்தில் சூம் வகுப்பு என்றால் அதைப் போல இரண்டு மடங்குகூட எடுக்கும். அதே பேட்டரிதான், ஒருவருக்கு நாலரை மணித்தியாலம், இன்னொருவருக்கு இரண்டு. இரண்டு பேரும் உண்மைதான் சொல்வார்கள், நீங்கள்தான் பொய்யர் ஆவீர்கள்.

முதலில் ஒவ்வொரு மெஷினிலும் கமாண்ட் ப்ராம்ப்டை Run as administrator என்று திறந்து இதை ஓட்டுங்கள்:

```
powercfg /batteryreport /output "C:\battery.html"
```

வருகிற பக்கத்தில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பேட்டரி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது. இரண்டாவது, இப்போது எவ்வளவு பிடிப்பதாக அது சொல்கிறது என்பது. உங்கள் ஜி5இல் முதல் எண் 50,000 mWh ஒட்டி வரும், அதாவது 50 வாட் மணித்தியாலம். இரண்டாவது எவ்வளவு?

டிக்கோயா தம்பி

இப்போதே பார்த்தேன் அண்ணே. 50,000க்கு 38,500. CYCLE COUNT 412.

பதுளை பர்ஹான்

77 வீதம். அருமையான பேட்டரி, பயப்படாமல் விற்கலாம். நானும் லெப்டொப்தான் விற்கிறேன். என் வழி சுருக்கமானது: எத்தனை தடவை முழுக்க ஏறி இறங்கியது என்று சொல்லும் சைக்கிள் எண்ணைப் பார்ப்பேன், 500க்குக் கீழே இருந்தால் "பேட்டரி நல்லம்" என்று போடுவேன். சைக்கிள் 0 என்று காட்டினால் புதுப் பேட்டரி என்றே விற்கலாம். இன்னொன்று: சில எச்பி மெஷின் 80 வீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாது. அவை பேட்டரி செத்தவை, எடுக்க வேண்டாம்.

பண்டாரவளை திருத்துநர்

பர்ஹான், சைக்கிள் எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், குறைந்த எண் வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. மற்ற இரண்டும் ஆளைக் கவிழ்க்கும்.

சைக்கிள் 0 என்று எப்போதும் காட்டுகிற பேட்டரிகளில் பல, மலிவான மாற்றுப் பேட்டரிகள். அவற்றின் உள்ளே இருக்கும் சின்னப் பலகை ஒழுங்காகக் கணக்கு வைக்காது. ஆறு மாதம் பாவித்த பிறகும் 0 காட்டும், இரண்டு கொள்ளளவு எண்ணும் ஒரு புள்ளிகூட மாறாமல் சமமாகவே நிற்கும். பாவித்த மெஷினில் இரண்டு எண்ணும் அச்சொட்டாகச் சமம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மூடியைக் கழற்றி லேபலைப் பார்ப்பேன்.

80இல் நிற்கிற விஷயம்: எச்பியில் பேட்டரி ஆயுளைக் காக்க என்று பயாஸுக்குள் Battery Health Manager என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கம்பனி பாவித்த மெஷின் என்றால் அதை Maximize my battery health என்று வைத்துவிட்டு விற்றிருப்பார்கள். அதை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் ஏறிவிடும். எத்தனை நல்ல மெஷினை அப்படித் திருப்பி அனுப்பினீர்களோ!

பதுளை பர்ஹான்

இரண்டு மெஷின் திருப்பி அனுப்பினேன். பயாஸ் விஷயம் தெரியாது, நன்றி அண்ணா. ஆனால் சைக்கிள் 0 பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வந்தவை எல்லாம் நன்றாகத்தான் ஓடின.

தலவாக்கலை டீச்சர்

நான் விற்பவள் இல்லை, வாங்கி அடிபட்டவள். என் கதை இந்தத் தம்பிக்கு உதவுமா பாருங்கள்.

கொழும்பில் ஒரு கடையில் இதே 840 ஜி5 எடுத்தேன். விளம்பரத்தில் பேட்டரி 88 வீதம் என்று போட்டு, அறிக்கையின் படத்தையும் வைத்திருந்தார்கள். நம்பிக்கையோடு காசு போட்டேன். கூரியரில் வந்து சேர மூன்று நாள். அடுத்த நாள் பாடசாலையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் இருபது நிமிடத்தில், 34 வீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் நின்றேன்.

கடைக்கு எடுத்துச் சொன்னேன். "செக்கிங் மூன்று நாள், நாங்கள் அனுப்பிய நாளிலிருந்து கணக்கு, முடிந்துவிட்டது. வொரண்டியில் பேட்டரி சேராது" என்றார்கள். அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், அப்போதும் 88 வீதம்தான் காட்டியது. அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை விளங்காதது அதுதான். குளிர் காரணமோ என்றும் யோசித்தேன், தலவாக்கலையில் அது தை மாதம்.

பண்டாரவளை திருத்துநர்

டீச்சர், அந்த 88 பேட்டரி தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற எண். உள்ளே இருக்கும் பலகை எவ்வளவு மின் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். முழுக்க ஏற்றி முழுக்க இறக்கினால்தான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். கம்பனி மேசையில் இரண்டு மூன்று வருடம் சார்ஜரிலேயே கிடந்த மெஷினுக்கு அந்த வாய்ப்பே வராது. பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, அந்தப் பேட்டரிக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு செல் மட்டும் சோர்ந்துவிட்டால், மற்றவற்றில் மின் இருந்தாலும் அந்த ஒன்றின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே விழுந்ததும் பலகை மொத்தத்தையும் வெட்டிவிடும். 34இல் பட்டென்று அணைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். குளிர் கொஞ்சம் கூட்டிக்கொடுத்திருக்கலாம். குளிரில் எந்த லித்தியம் பேட்டரியும் சற்றுத் தளரும். ஆனால் நல்ல பேட்டரியைத் தை மாதத் தலவாக்கலைக் குளிர் 34இல் அணைக்காது. மெஷின் வீட்டுக்குள் சூடான பிறகும் அப்படியே அணைந்தால் குளிரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அந்த மெஷின் என்ன சொல்கிறது?

தலவாக்கலை டீச்சர்

நீங்கள் சொல்வது சரிதான் போல. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை முழுக்க இறங்கி அணைந்தது. இப்போது பார்த்தால் 27,600 என்று காட்டுகிறது. 50,000க்கு 55 வீதம்! அப்படியென்றால் நான் வாங்கிய நாளிலேயே அது 55தானா?

பண்டாரவளை திருத்துநர்

கிட்டத்தட்ட அப்படித்தான் டீச்சர். எண் இப்போதுதான் உண்மையைப் பிடித்திருக்கிறது.

அதனால் டிக்கோயா தம்பிக்கு நான் சொல்வது: அறிக்கையின் எண்ணை மட்டும் வாசிக்காதீர்கள், ஓட்டிப் பார்த்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் செய்வது இது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு, கழற்றி ஒரு மணித்தியாலம் வைப்பேன். வெளிச்சம் பாதி, வைஃபை திறந்தபடி, மெஷினுக்குள் இருக்கிற ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விடுவேன். விண்டோஸ் உறங்கப் போகாதபடி அமைப்பை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கணக்கே தப்பும். 30, 20, 10 வீதம் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்வேன். எண்ணிக்கை சீராக இறங்க வேண்டும். 40இலிருந்து 12க்குக் குதித்தாலோ, 20க்கு மேலே அணைந்தாலோ அந்தப் பேட்டரியை நல்லது என்று விற்க மாட்டேன், எத்தனை வீதம் காட்டினாலும் சரி.

அப்புறம் மெஷினை மூடி மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடுகிறதா என்று. டச்பேட் அழுத்தும்போது இறுகிப்போய் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பேட்டரி வீங்கத் தொடங்கியிருக்கலாம். உடனே திறந்து பாருங்கள். வீங்கியதை யாருக்கும் விற்கக் கூடாது, "குறைந்த விலைக்கு" என்றும் கூடாது.

டிக்கோயா தம்பி

நேற்று இரவு அந்த ஜி5ஐ நீங்கள் சொன்ன மாதிரி ஓட்டினேன். 100இலிருந்து 7 வீதம் வரை மூன்று மணித்தியாலம் 25 நிமிடம். சீராக இறங்கியது.

பண்டாரவளை திருத்துநர்

38.5இல் 93 வீதம் என்றால் ஏறக்குறைய 36 வாட் மணித்தியாலம். அதை மூன்றரையால் வகுத்தால் பத்துச் சொச்சம் வாட். அந்த மெஷின் வீடியோ ஓட்டும்போது அவ்வளவு எடுக்கும், நம்பலாம். எண்ணும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்த மெஷினின் 77 உண்மையான 77.

பதுளை பர்ஹான்

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். விளம்பரத்தில் "பேட்டரி 77 வீதம்" என்று வாயால் சொன்னால் யார் வாங்குவார்கள்? பக்கத்துக் கடைக்காரர் "பேட்டரி சூப்பர்" என்பார், சனம் அங்கேதான் போகும். நமக்கும் அரிசி வாங்க வேண்டும்.

தலவாக்கலை டீச்சர்

நான் வாங்குவேன் தம்பி. என்னிடம் 88 என்றவரை நான் இனி ஜென்மத்துக்கும் நம்ப மாட்டேன். 77 என்று சொல்லி, இப்படித்தான் ஓட்டினேன் என்று நேரத்தையும் காட்டினால், அந்தக் கடைக்கு எங்கள் பாடசாலையிலிருந்தே இன்னும் மூன்று ஆசிரியர்களை அனுப்புவேன்.

கம்பளை நஸ்ரின்

பேட்டரியை விட்டு வொரண்டிக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வொரண்டிச் சீட்டும் நான்தான் எழுதுவது.

தம்பி, "ஆறு மாத வொரண்டி" என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். பிறகு சீட்டில் சின்ன எழுத்தில் "பேட்டரி, சார்ஜர், திரை சேராது" என்று இருந்தால் அவருக்கு வயிறு எரியும். பேட்டரிக்குத் தனிக் கெடு, சார்ஜருக்குத் தனிக் கெடு இருந்தால் அதையும் வாயால் சொல்லுங்கள். எங்கே திருத்துவீர்கள் என்பதும் முக்கியம். ஹட்டனில் உங்கள் கடையிலேயே பார்ப்பீர்களா, கொழும்புக்கு அனுப்புவீர்களா? கொழும்புக்கு என்றால் எத்தனை நாள் ஆகும்? மலைநாட்டில் ஒரு ஆளுக்கு அதுதான் வொரண்டியின் பாதி.

சீட்டில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது" என்று அச்சடித்திருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் வாங்கியவர் முறைப்பாடு செய்யலாம். எழுத்தில், மூன்று மாதத்துக்குள். 1977க்கு அழைத்தும் கேட்கலாம்.

பதுளை பர்ஹான்

அந்தச் சட்டப்படி ஏழு நாளைக்குள் எதையும் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கலாம் என்று கேள்விப்பட்டேனே?

கம்பளை நஸ்ரின்

அப்படி இல்லை பர்ஹான். "பிடிக்கவில்லை" என்று திருப்பித் தரும் உரிமை அதில் இல்லை. அது கடைக்காரர் தானாகக் கொடுப்பது. ஏமாற்றி விற்றால், சொன்ன தரம் இல்லாவிட்டால், அது வேறு கதை. டீச்சருடைய 88க்கும் அந்த வழியில் கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரருக்கே தெரியாமல் எண் பிழைத்திருந்தால் என்ன முடிவு வரும் என்பது வேறு விஷயம்.

டிக்கோயா தம்பி

எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப எழுதினேன். போனில் பேசிப் பார்த்தேன், ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது.

"வணக்கம். இது பாவித்த லெப்டொப், எச்பி எலைட்புக் 840 ஜி5. நாங்கள் திறந்து துப்புரவாக்கி, எஸ்எஸ்டி புதிதாகப் போட்டிருக்கிறோம். மூடியின் வலது மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, இதோ பாருங்கள்.

பேட்டரி பழையது, மெஷினோடு வந்தது. புதிதில் பிடித்ததில் இப்போது 77 வீதம் பிடிக்கிறது. பாதி வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிப் பார்த்தோம், மூன்று மணித்தியாலம் 25 நிமிடம் நின்றது. சூம் வகுப்பு, முழு வெளிச்சம் என்றால் இதைவிடக் குறையும்.

மெஷினுக்கு ஆறு மாத வொரண்டி. ஹட்டனில் எங்கள் கடையிலேயே பார்ப்போம், கூலி இல்லை. பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் 20 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது அணைந்தால் பேட்டரியை மாற்றித் தருவோம். தண்ணீர் பட்டது, விழுந்து உடைந்தது, இடி மின்னலில் எரிந்தது வொரண்டியில் சேராது.

உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள் பாவித்துப் பாருங்கள். நாங்கள் சொன்னதற்கு மாறாக எதுவும் இருந்தால் கொண்டுவாருங்கள், முழுக் காசும் தருவோம்."

பண்டாரவளை திருத்துநர்

நன்றாக இருக்கிறது தம்பி. "20 வீதத்துக்கு மேல் அணைந்தால்" என்று ஒரு கோடு போட்டது முக்கியம். அதை வாங்கியவரும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம், வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சோதனை செய்த திகதி. போன மாதம் எடுத்த எண்ணை இந்த மாதம் வாசிக்கக் கூடாது. அறிக்கையை அச்சடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பேட்டரியின் தொடர் இலக்கமும் அதில் இருக்கும். பேட்டரியை மாற்றி வைத்துவிட்டுத் திருப்பித் தருகிற ஆளும் உண்டு.

கம்பளை நஸ்ரின்

கூரியர் காசு யார் தருவது? வாசகத்தில் இல்லையே. மஸ்கெலியாவில் இருக்கிற ஆளுக்கு "கொண்டுவாருங்கள்" என்றால் பஸ் ஏறி வருவார். மன்னாரில் இருக்கிற ஆள் என்ன செய்வார்? குறை உங்களுடையது என்றால் இரண்டு பக்கக் காசும் நீங்கள் கொடுப்பதுதான் முறை.

டிக்கோயா தம்பி

அதில்தான் நிற்கிறேன் அக்கா. குறை என்னுடையது என்றால் கொடுக்கலாம். ஆனால் ஏழு நாள் வகுப்புக்குப் பாவித்துவிட்டு "அணைந்தது" என்று அனுப்பினால், இங்கே ஓட்டிப் பார்க்கும்போது அணையாவிட்டால்?

பதுளை பர்ஹான்

அதனால்தான் நான் ஹட்டனைத் தாண்டி, அதாவது என் விஷயத்தில் பதுளையைத் தாண்டி, திருப்பி எடுப்பதே இல்லை.

பண்டாரவளை திருத்துநர்

அணைந்த இடத்தை அறிக்கையிலேயே பார்க்கலாம். Recent usage என்ற பகுதியில் கடைசிச் சில நாள், எந்த நேரத்தில் எத்தனை வீதம் இருந்தது என்று வரும். 34இல் நின்று, பிறகு சார்ஜரில் தொடங்கியிருந்தால் அந்தத் தடம் தெரியும். வாங்கியவரை அணைந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எப்போதும் தெளிவாக இருக்காது, ஆனால் பேசுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

தலவாக்கலை டீச்சர்

எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கடையோடு பேச ஏதாவது இருந்திருக்கும். சரி, போனது போகட்டும். தம்பி, என் மெஷினுக்குப் பேட்டரி போட்டுத் தருவீர்களா? சனிக்கிழமை ஹட்டனுக்கு வருகிறேன்.

டிக்கோயா தம்பி

வாருங்கள் டீச்சர், போட்டுத் தருகிறேன், ஓட்டிப் பார்த்தே தருகிறேன். அரை நாளுக்கு மேல் ஆகும், காலையிலேயே கொடுத்துவிட்டு டவுன் வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள்.

மற்றவர்களுக்கு: இந்த முறை வந்த பதினொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எட்டு சீராக இறங்கின. இரண்டு 20க்கு மேலே அணைந்தன, அதில் ஒன்று 91 வீதம் காட்டியது! அதை நான் போன வாரம் என்றால் "பேட்டரி சூப்பர்" என்று விற்றிருப்பேன். இன்னொன்றின் டச்பேட் இறுகியிருந்தது. திறந்தால் பேட்டரி லேசாக வீங்கியிருந்தது, கழற்றி வெளியே வைத்துவிட்டேன். அணைந்த இரண்டையும் புதுப் பேட்டரி போட்டு விலையைக் கூட்டி விற்பதா, "சார்ஜரில் மட்டும் ஓடும்" என்று சொல்லிக் குறைத்து விற்பதா?

பண்டாரவளை திருத்துநர்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போகிற மெஷின் என்றால் பேட்டரி போட்டு விடுங்கள். கரண்ட் போகிற இடத்தில் சார்ஜரில் மட்டும் ஓடுகிற லெப்டொப் எழுதியதை எல்லாம் தொலைத்துவிடும். ஒரு கடையில் மேசைமேல் நிலையாக வைக்க, யூபிஎஸ் இருக்கிற ஆள் கேட்டால் மற்றதைக் கொடுக்கலாம். வாங்குபவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.